நைட் டூட்டியிலிருந்து நாலு வரி

மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவு 8 மணிக்கு வார்டில் ஏறினால் காலை 8 மணிக்குத்தான் இறங்குவார். கணவருக்குத் தொழிற்பேட்டையில் கணக்கர் வேலை. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அவர் கிளம்பும் நேரத்துக்கு மனைவி பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். மாலையில் அவர் திரும்பும்போது இவர் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். சென்னையிலும் கோவையிலும் தெருவுக்கு ஒரு வீடாவது இப்படி இருக்கும். இவர்களுக்குள் பேச்சு என்று மிஞ்சுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். அதில் என்ன எழுதுகிறோம் என்பதைப் போலவே, எத்தனை மணிக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம்.

நைட் டூட்டியில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பது பல வார்டுகளில் விடியற்காலை 4 மணி வாக்கில்தான். எழுதுவதற்கு மிக மோசமான நேரமும் அதுதான். உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின்படி உடல் வெப்பம் மிகவும் இறங்கியிருக்கும் வேளை அது. விழிப்பு மங்கும், மனசும் சோர்ந்துபோகும். நேற்று அவர் போனை எடுக்காதது அப்போதுதான் ஞாபகம் வரும், பெரிய குற்றமாகவும் தெரியும். ‘உங்களுக்கு என் நினைப்பே இல்ல’ என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஆனால் ஆறு மணிக்குக் கண் விழிக்கும் மனிதருக்கு அன்றைய பொழுது அதில்தான் விடிகிறது. இவர் வீடு வந்து சேரும்போது அந்தக் கோபம் இவருக்கே நினைவிருக்காது.

அதனால், நள்ளிரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனசு தெளிவாக இருக்கும்போதே நாலு வரி எழுதி வைத்துவிடுவது நல்லது. உதாரணத்துக்கு இப்படி:

“பாப்பாவுக்கு ஜடை போட்ட போட்டோ பார்த்தேன். ரிப்பன் கோணலா இருந்தாலும் நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. இன்னைக்கு ஆடிட்டுன்னு சொன்னீங்கள்ல? போன தடவையும் பயந்துக்கிட்டே போய் சமாளிச்சிட்டுத்தானே வந்தீங்க. டிபன் சாப்பிடாம கிளம்பாதீங்க. இங்க எல்லாம் சரியா இருக்கு, நானும் சாப்ட்டேன். பதில் போட வேணாம், வந்ததும் தூங்கிடுவேன்.”

இதில் ‘ஐ லவ் யூ’ இல்லை, இதயப் படமும் இல்லை. ஜடையைப் பார்த்திருக்கிறார், ஆடிட்டை நினைவில் வைத்திருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்த வீட்டில் தான் இல்லாமல் நடந்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதுதான் படிப்பவருக்குத் தெம்பு. ‘ஆல் தி பெஸ்ட்’ என்பதை ஆபீஸில் பக்கத்து சீட்காரரும் சொல்வார். போன தடவை சமாளித்ததை எடுத்துச் சொல்ல வீட்டு மனுஷியால்தான் முடியும். ‘நானும் சாப்ட்டேன்’ என்ற வார்த்தை அவருடைய கவலையைப் பாதி குறைக்கிறது. கடைசி வரி அவசரமாகப் பதில் தட்ட வேண்டிய கடமையிலிருந்து அவரையும், அந்தப் பதிலின் சத்தத்திலிருந்து இவர் தூக்கத்தையும் காக்கிறது.

கேஸ் புக்கிங், பால் கணக்கு, வேன் பீஸ் எல்லாம் இந்த நாலு வரிக்குள் வரக் கூடாது. வந்தால் படிப்பவர் கண் நேரே அங்கேதான் போகும். அவற்றுக்கு பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் போதும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பதிலுக்கும் ஒரு நேரம் உண்டு. பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகவே கிடைக்கும், சீக்கிரம் கலையும். வெளிச்சமும் தெருச் சத்தமும் ஒரு காரணம். அந்த நேரத்தில் உடம்பே எழுந்திரு என்கிறது என்பது இன்னொன்று. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான் வரும். காலை 9 மணிக்குப் படுத்தவருக்கு 10 மணிக்கு ‘தூங்கிட்டியாம்மா?’ என்று பாசமாக அனுப்பினால், அந்த ‘டிங்’ சத்தம் பறிப்பது அதைத்தான். மதியம் மூணுக்கு மேல், எழுந்ததும் பார்க்கிற மாதிரி அனுப்பலாம். ‘ஆடிட் முடிஞ்சுது, நீ சொன்ன மாதிரி ஒண்ணும் ஆகல. பாப்பா டிபன் பாக்ஸ காலி பண்ணிட்டா’ என்றால் போதும்.

போனை அடியோடு அணைத்துவிட்டுத் தூங்கப் பயப்படுகிறவர்கள் நிறைய. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. பெரும்பாலான போன்களில் தொந்தரவு வேண்டாம் என்ற வசதியைப் போட்டு, கணவர், பள்ளி, அம்மா எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்க முடியும். அதே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பு வந்தால் ஒலிக்கும்படியும் வைக்கலாம். செய்தி என்றால் அவசரமில்லை, அழைப்பு என்றால் அவசரம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

இது தேய ஆரம்பித்தால் போனிலேயே தெரியும். ஒரு வாரச் செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். எல்லாமே ‘மாவு வாங்கு’, ‘பணம் போட்டாச்சு’, கட்டைவிரல் படம் என்று இருந்தால், இரண்டு பேரும் வீட்டை ஷிப்ட் மாற்றி ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு இன்னும் நீளமாக எழுதுவது மருந்தில்லை. மாமியார் பேச்சு, கடன், டூட்டியை மாற்றிக் கேட்கலாமா என்ற கேள்வி இதெல்லாம் எழுத்தில் தீராது. குரலின் ஏற்ற இறக்கம் இல்லாமல் குத்தலாகவே தெரியும். அவற்றை நைட் ஆஃப் வரும் நாளுக்கு ஒதுக்க வேண்டும். அதுவும் டூட்டி முடிந்து வந்த காலையில் வேண்டாம். தூங்கி எழுந்து, காபி குடித்து, அன்று சாயங்காலம் பேசலாம்.