இரவல் கிடைக்காத பங்கை விற்றவர்கள்

2000 மார்ச் 2 அன்று அமெரிக்காவில் 'பாம்' நிறுவனத்தின் பங்கு முதன்முறையாகச் சந்தைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பாம் பைலட் என்ற குட்டிக் கணினியைச் செய்த நிறுவனம் அது. தாய் நிறுவனமான த்ரீகாம், பாம் பங்குகளில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் 38 டாலர் விலையில் பொதுமக்களுக்கு விற்றது. மீதியைச் சில மாதங்களில் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. கணக்குப்படி ஒரு த்ரீகாம் பங்குக்கு ஏறத்தாழ ஒன்றரை பாம் பங்கு கிடைக்கும்.

முதல் நாள் முடிவில் பாம் பங்கின் விலை 95 டாலர். அப்படியானால் த்ரீகாம் பங்கு குறைந்தது 142 டாலராவது இருக்க வேண்டும். அன்று அது முடிந்ததோ சுமார் 82 டாலரில். த்ரீகாமுக்குச் சொந்தமாக லாபம் தரும் வியாபாரம் இருந்தது, கையில் ரொக்கமும் இருந்தது. ஆனால் பாம் போக மீதமுள்ள த்ரீகாமின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே என்று சந்தை சொல்லிக்கொண்டிருந்தது.

இது தவறு என்று சந்தையில் பலருக்கும் தெரிந்தது, பத்திரிகைகளும் எழுதின. செய்ய வேண்டியதும் தெளிவாகவே இருந்தது: ஒரு த்ரீகாம் பங்கை வாங்கி, ஒன்றரை பாம் பங்கை 'ஷார்ட்' அடிக்க வேண்டும். ஷார்ட் என்றால், கையில் இல்லாத பங்கைப் புரோக்கர் வழியாக இரவல் வாங்கி விற்பது. விலை இறங்கியதும் சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம், இடைப்பட்ட வித்தியாசம் லாபம்.

இரவல் என்ற அந்த இடத்தில்தான் வழி அடைபட்டது. பாம் பங்குகளில் ஏறக்குறைய 95 சதவீதம் த்ரீகாமின் பெட்டியில் இருந்தது. வெளியே வந்த கொஞ்சத்திலும் ஒரு பகுதி, இரவல் கொடுக்கும் ஏற்பாட்டில் இல்லாத சாதாரண முதலீட்டாளர்களிடம் இருந்தது. அமெரிக்கப் புரோக்கர்கள் வழக்கமாக மார்ஜின் கணக்குகளிலும் பெரிய நிதி நிறுவனங்களிடமும் உள்ள பங்குகளைத்தான் இரவலுக்குத் திரட்டுவார்கள். முழுப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருப்பவரின் பங்கை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்துக் கொடுக்க முடியாது. எனவே பாம் பங்கைக் கேட்டுப் போனவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. தனிப் பங்குகளின் மீதான ஃபியூச்சர்ஸ் வியாபாரத்துக்கும் அப்போது அமெரிக்காவில் அனுமதி இல்லை.

மார்ச் நடுவில் பாம் பங்கின் மீது ஆப்ஷன் வியாபாரம் தொடங்கியதும் ஒரு பக்கக் கதவு திறந்தது. குறித்த நாளுக்குள் குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை புட் ஆப்ஷன், வாங்கும் உரிமை கால் ஆப்ஷன். குறித்த அந்த விலைதான் ஸ்ட்ரைக். ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி உள்ள ஒரு புட்டை வாங்கி, ஒரு காலை விற்றால், பங்கைத் தொடாமலேயே ஷார்ட் அடித்த நிலை கிடைத்துவிடும். ஸ்ட்ரைக் 55 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பைரியில் பங்கு 40-க்கு வந்தால் புட் 15 டாலர் தரும், கால் செல்லாமல் போகும். பங்கு 70-க்கு ஏறினால் புட் செல்லாது, விற்ற காலுக்காக நாம் 15 டாலர் இழப்போம். பங்கு எங்கே நின்றாலும் 55-லிருந்து அந்த விலையைக் கழித்தால் வருவதே நம் வரவு அல்லது செலவு. 55 டாலருக்கு விற்றவரின் நிலையும் இதேதான். இதைத்தான் சிந்தெடிக் ஷார்ட் என்கிறார்கள்.

இரவல் தாராளமாகக் கிடைக்கும் பங்கில், பங்கு விலையும் ஸ்ட்ரைக்கும் பக்கத்தில் இருந்தால் புட்டும் காலும் ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கும். டிவிடெண்ட் இல்லாவிட்டால், வட்டியின் காரணமாகக் கால் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். பாம் பங்கில் நடந்தது நேர்மாறு. ஓவன் லாமோன்ட், ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்த நாட்களின் விலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பங்கு 55 டாலர் 25 சென்ட். நவம்பரில் முடியும் 55 ஸ்ட்ரைக் புட்டை வாங்க 23 டாலர் 62 சென்ட் கொடுக்க வேண்டும். அதே காலை விற்றால் கைக்கு வருவது 10 டாலர்தான்.

பாம் விழும் என்று நம்பிய ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். 13 டாலர் 62 சென்ட் நிகரச் செலவில் அவர் நவம்பருக்கான ஷார்ட்டைப் பெறுகிறார். 55-லிருந்து அதைக் கழித்தால் 41 டாலர் 38 சென்ட். பங்கு சந்தையில் 55-க்குக் கைமாறும்போது, இவர் நவம்பரில் 41 டாலருக்கு விற்றதற்குச் சமமான நிலையில் இருக்கிறார். வட்டியைக் கழித்தால் அன்றைய மதிப்பில் சுமார் 39 டாலர். நவம்பரில் பங்கு 30-க்கு விழுந்தால் 11 டாலருக்கு மேல் லாபம். 50-க்கு இறங்கினால், பங்கு விழும் என்ற கணிப்பு பலித்தும் 8 டாலருக்கு மேல் நஷ்டம்.

அந்த வித்தியாசம் எங்கே போகிறது? புட்டை நமக்கு விற்பவர் பெரும்பாலும் மார்க்கெட் மேக்கர். பங்கு விழுந்தால் அவருக்கு அடி என்பதால், அவர் அதே பங்கை ஷார்ட் அடித்துத் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் அந்த இரவல் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை அதிகம். அந்த வாடகையையும் சிரமத்தையும் புட்டின் விலையில் ஏற்றி, காலின் விலையில் குறைத்துவிடுகிறார். ஆப்ஷன் வழியாகப் போனால் இரவல் செலவு இல்லை என்று நினைப்பது தவறு. அந்தச் செலவு பிரீமியத்துக்குள் முன்கூட்டியே வசூலாகிவிடுகிறது.

பாம் பங்கை நேரடியாக 55 டாலர் கொடுத்து வாங்கியவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். எக்ஸ்பைரி வரை பங்கின் ஏற்ற இறக்கத்தை மட்டும் விரும்பியிருந்தால், காலை வாங்கிப் புட்டை விற்று அதே நிலையைப் பல டாலர் மலிவாகப் பெற்றிருக்கலாம். அந்த விலைகள் எல்லோரும் பார்க்கும்படி இருந்தன.

செலவுக்கு அப்பால் இன்னொரு ஆபத்து, விற்ற காலில் இருக்கிறது. அமெரிக்காவில் பங்கு ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன்பே எந்த நாளிலும் செயல்படுத்தலாம். டிவிடெண்ட் தராத பங்கில் யாரும் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஆனால் இரவல் வாடகை உச்சத்தில் இருக்கும்போது நிலைமை வேறு. பங்கு 80-க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். கால் வைத்திருப்பவர் அதைச் செயல்படுத்திப் பங்கைக் கையில் வாங்கினால் இரவலுக்கு விட்டு வாடகை பார்க்கலாம், காலாகவே வைத்திருந்தால் வாடகை இல்லை. அவர் செயல்படுத்திவிட்டால், நாம் இல்லாத பங்கை 55-க்குக் கொடுத்தாக வேண்டும். இரவல் கிடைக்காததால் சந்தையில் 80-க்கு வாங்கித்தான் கொடுக்க நேரும். கையில் புட் மட்டும் மிஞ்சும். பிறகு பங்கு 80-லிருந்து 55 வரை சரிந்தாலும் அந்தச் சரிவில் நமக்குப் பங்கில்லை.

இந்தியாவில் ஒரு நாளைக்கு மேல் ஷார்ட் வைத்திருக்க விரும்புவோர் பெரும்பாலும் ஃபியூச்சர்ஸை விற்கிறார்கள். தனிப் பங்கு ஆப்ஷன்களில் இதே புட்-கால் ஜோடியை அமைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே எக்ஸ்பைரியில் பங்கையே டெலிவரி கொடுக்க வேண்டும். விலை எந்தப் பக்கம் போனாலும் கொடுக்க வேண்டியவர் நாம்தான். பங்கு கையில் இல்லாதவர் எக்ஸ்பைரிக்கு முன்பே இரண்டு பக்கத்தையும் சேர்த்து முடித்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சந்தையானாலும், ஜோடியை அமைப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரைக்கிலிருந்து புட்டை வாங்கும் விலையைக் கழித்து, காலை விற்கும் விலையைக் கூட்டுங்கள். வரும் தொகைதான் நீங்கள் உண்மையில் விற்கும் விலை. அது பங்கின் இன்றைய விலையைவிட எவ்வளவு குறைவோ, அவ்வளவும் நீங்கள் முன்பணமாகக் கட்டும் வாடகை. அந்த அளவுக்கு மேல் பங்கு விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் ஆர்டரைப் போடாதீர்கள்.