மண்ணும் மணியும் – 7: மீட்டர் காட்டும் மணி

மாட்டு ஏரை விட்டு டிராக்டருக்கு வந்த கதையைப் போன வாரம் முடித்தோம். ஐந்து ஏக்கர்க்காரர் டிராக்டரைச் சொந்தமாக வாங்குவதா, மணிக்கு வாடகை பேசுவதா என்ற இடத்தில் நின்றோம். நேரே கணக்குக்குப் போவோம்.

கோட்டையூர்ப் பக்கம் கண்மாயையும் ஐப்பசி மழையையும் நம்பி ஒரு போகம் நெல் போடுகிறவரை எடுத்துக்கொள்வோம். கோடை உழவு ஒரு சால். விதைப்புக்கு முன் ஒன்பது கொத்துக் கலப்பையில் இரண்டு சால். கடைசியாக ஒரு தடவை ரோட்டவேட்டர். கலப்பைக்கு ஏக்கருக்கு ஒரு மணி நேரம், ரோட்டவேட்டருக்கு ஒன்றரை என்று போட்டாலும், சில்லறை வேலைகளையும் சேர்த்து வருடத்துக்கு 30 மணி நேரம் தாண்டாது. தனியார் வண்டி மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால் செலவு 30,000.

சொந்த வண்டி என்றால்? கலப்பை, ரோட்டவேட்டரோடு 8 லட்சம் என்று கொள்வோம். பத்து வருடத்தில் பத்தில் ஒரு பங்கு விலைக்குப் போகும் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 72,000. வண்டியில் முடங்கும் பணத்துக்குச் சராசரி வட்டி, பத்து சதவீதத்தில், 44,000. இன்சூரன்சும் கொட்டகையும் 14,000. ஆக, சாவியைத் தொடாமலே 1,30,000 ரூபாய். ரொக்கம் கொடுத்து வாங்கியவர் வட்டியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வட்டிக் கணக்கில் பேர்போன செட்டிநாட்டில் அப்படி விடக் கூடாது. கையிலிருந்து போட்ட பணத்துக்கும் வட்டி உண்டு.

ஓடும்போது டீசல், ஆயில், பழுது எல்லாம் மணிக்கு 500 ஆகும். வாடகையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மணிக்கும் 500 ரூபாய் மிச்சம். 1,30,000-ஐ 500-ஆல் வகுத்தால் 260. வருடத்துக்கு 260 மணி நேரம் ஓடினால்தான் வாங்கியதும் வாடகையும் சரிக்குச் சரி. சொந்த நிலம் தருவது 30. மிச்சம் 230 மணி நேரம் அடுத்தவர் வயலில் உழ வேண்டும். குறைவாக ஓடுகிற வண்டி பதினைந்து வருடம் உழைக்கும் என்று தளர்த்திப் போட்டாலும் 210 மணி நேரத்துக்குக் கீழே இறங்கவில்லை.

இந்தக் கணக்கைப் போடும்போதுதான் டிராக்டரின் மணி மீட்டர் என்னைப் பிடித்துக்கொண்டது. கேபிளில் ஓடும் பழைய மீட்டர் கடிகாரமே இல்லை. அது எஞ்சின் சுற்றுகளை எண்ணுகிறது. குறிப்பிட்ட வேகத்தில், உதாரணமாக நிமிடத்துக்கு 1,500 சுற்றில், ஓடினால்தான் அதன் ஒரு மணி நம் கடிகாரத்தின் ஒரு மணி. 1,000 சுற்றில் மெதுவாக ஓட்டினால், கடிகாரத்தில் ஒரு மணி போகும்போது மீட்டரில் 40 நிமிடம்தான் ஏறும். மின்சார மீட்டர் அப்படியில்லை. எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருந்தாலும் நேரம் ஏறும்.

இது வாடகை கொடுப்பவருக்கு நல்ல ஆயுதம். வண்டி வயலில் இறங்கும்போது கைக்கடிகாரத்தையும் மீட்டரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் மீட்டர் வெகுவாகப் பின்தங்கினால், எஞ்சின் மெதுவாக ஓடியிருக்கிறது, அல்லது வண்டி வரப்போரம் உறுமிக்கொண்டே நின்றிருக்கிறது. கடிகார மணிக்குக் காசு கொடுத்தால் அந்த நேரமும் உங்கள் செலவுதான். கலப்பை சிக்கி நின்றது, டிரைவர் போன் பேசியது எல்லாம் கழிய வேண்டுமென்றால், பேரத்தை இறங்கும் முன்பே பேசிவிட வேண்டும். துண்டு துண்டான வயலில் திரும்புவதற்கே நேரம் போகும். அங்கே மணிக்குப் பேசுவதைவிட ஏக்கருக்குப் பேசுவது உழவருக்கு நல்லது.

சொந்த வண்டிக்காரருக்கு அதே மீட்டர் வேறொன்று சொல்கிறது. எஞ்சின் ஆயிலைப் பெரும்பாலும் 250 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். வருடம் 30 மணி ஓடும் வண்டி அந்த எண்ணைத் தொட எட்டு வருடம் ஆகும். அதற்குள் ஆயில் கெட்டுவிடும். பேட்டரி சார்ஜ் இறங்கிச் செத்துவிடும். டயர் வெயிலில் வெடிப்பு விடும். ஆகவே மீட்டரைப் பாராமல், வருடத்துக்கொருமுறையாவது ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ஓடாத வண்டிக்கும் பராமரிப்புச் செலவு உண்டு.

அப்படியானால் வாடகைதான் முடிவா? 230 மணி நேர வெளிவேலை உறுதியாகக் கையில் இல்லாதவருக்கு, ஆம். அரசு வேளாண் பொறியியல் துறை, உழவன் செயலி வழியே, தனியாரைவிடக் குறைந்த வாடகைக்கு டிராக்டர் தருகிறது. ஆனால் புரட்டாசியில் ஒரு மழை விழுந்ததும் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும். ஈரம் காய்வதற்குள் வண்டி வராவிட்டால் விதைப்பு தள்ளும். 1,15,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வண்டி வைத்திருக்க அது போதுமான காரணமா? அதைத் தாமதத்தால் குறையும் மூட்டைகளை வைத்துத்தான் தீர்க்க முடியும். இந்த வாரம் சொல்வதாக இருந்த வங்கிக் கடனையும் அதோடு சேர்த்து அடுத்த வாரம் எடுக்கிறேன். நாலு பேர் கூட்டாக வாங்கினால் முதலில் யார் வயலில் இறக்குவது என்ற வழக்கும் அங்கேதான் வரும்.