மோதிரத்துக்குள் மூன்று கணக்கு

ஹால்மார்க் போட்ட தங்க மோதிரத்தின் உட்புறத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிஐஎஸ் முத்திரைக்குப் பக்கத்தில் 22K916 என்று பொடி எழுத்தில் இருக்கும். இதில் 22 என்பது ஒரு பின்னத்தின் மேல் எண். 916 என்பது ஒரு தசம எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வருவது. அதையே கடைக்காரர் "91.6 சதவீதம் தங்கம்" என்பார். பின்னம், தசமம், சதவீதம் மூன்றையும் கண்டு மிரளும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மூன்றும் ஒரே தங்கத்தைத்தான் சொல்கின்றன.

காரட் கணக்கில் முழுத் தங்கம் என்றால் 24 பங்கு. 22 காரட் நகையில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். ஆகவே பின்னம் 22/24. நடுவில் உள்ள கோட்டை 'வகுத்தல்' என்று படித்தால் போதும், தசமத்துக்கு வழி திறந்துவிடும்: மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுக்க வேண்டும்.

22-க்குள் 24 போகாது. அதனால் விடையில் 0 எழுதிப் புள்ளி வைக்கிறோம். 22-ஐ 220 ஆக்கினால் அதில் 24 ஒன்பது முறை போகும், மீதி 4. அதை 40 ஆக்கினால் ஒரு முறை, மீதி 16. அதை 160 ஆக்கினால் ஆறு முறை. மீதி மறுபடியும் 16. அதே மீதி திரும்பி வந்துவிட்டதால் இனி எவ்வளவு வகுத்தாலும் 6தான் வரும். விடை 0.91666... என்று நீளும். முத்திரையில் மூன்று இலக்கத்தோடு வெட்டி 916 என்று போடுகிறார்கள்.

பலர் இங்கே பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 1.09 வரும். மோதிரத்தில் மோதிரத்தை விட அதிகத் தங்கம் எப்படி இருக்கும்? முழுமைக்குக் குறைந்த பங்கு என்றால் விடை 1-க்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

தசமத்தைச் சதவீதமாக்க வகுத்தலே வேண்டாம். சதவீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை. ஆகவே நூறால் பெருக்கினால் போதும், புள்ளி இரண்டு இடம் வலப்பக்கம் நகரும். 0.916 என்பது 91.6 சதவீதம்.

திரும்பி வரும் பாதையையும் பார்த்துவிடுவோம். 18 காரட் நகையில் 750 என்று இருக்கும். அது ஆயிரத்துக்கு 750. மேலும் கீழும் 250-ஆல் சுருக்கினால் 3/4, அதாவது முக்கால். 18/24-ஐ 6-ஆல் சுருக்கினாலும் அதே முக்கால்தான். ஆனால் 14 காரட்டில் இந்தப் பொருத்தம் கொஞ்சம் பிசகும். 14-ஐ 24-ஆல் வகுத்தால் 0.583 வருகிறது, முத்திரையில் இருப்பதோ 585. இது கணக்குப் பிழையல்ல, தர அளவையே ஒரு முடி கூடுதலாக வைத்திருக்கிறார்கள்.

முத்திரையில் எப்போதும் மூன்று இலக்கம் இருப்பதில் ஒரு வசதி உண்டு. 0.5, 0.375 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 375 பெரிய எண்ணாயிற்றே என்று 0.375-ஐக் காட்டும் மாணவர்கள் நிறைய. 0.5-ஐ 0.500 என்று எழுதிவிட்டால் 500-க்கும் 375-க்கும்தான் போட்டி, குழப்பம் தீர்ந்தது.

சதவீதத்தில் பணம் போகும் இடம் பில். தங்க நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். இதைத் தசமமாக்கும்போது 0.3 என்று எழுதுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. புள்ளி இடப்பக்கம் இரண்டு இடம் நகர வேண்டும், 3-க்கு முன்னால் இடம் போதாததால் ஒரு பூஜ்யம் நிரப்ப வேண்டும்: 0.03. எண்பதாயிரம் ரூபாய் நகைக்கு ஒரு சதவீதம் 800 ரூபாய், மூன்று சதவீதம் 2,400. விடை 24,000 என்று வந்தால் 30 சதவீதத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதலில் ஒரு சதவீதத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறவர் இதில் ஏமாற மாட்டார்.

சேதாரம் 12.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் கால், அதில் பாதி 12.5, நம் பழைய கணக்கில் அரைக்கால், அதாவது 1/8. ஒரு சவரன் 8 கிராம். அப்படியானால் சவரனுக்குச் சேதாரம் சரியாக ஒரு கிராம். அடுத்த முறை நகை வாங்கும்போது சேதாரம் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எத்தனை கிராம் என்று நீங்களே மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பில்லை வாங்குங்கள்.