லாபம் தரும் திட்டத்துக்கு வங்கி ஏன் தயங்குகிறது?

திருப்பூரில் ஒருவர் 4 கோடி ரூபாயில் பின்னலாடை ஆலை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைமுதல் 1 கோடி. மீதி 3 கோடியை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகக் கேட்கிறார். வரி போக, வட்டி கட்டுவதற்கு முன் ஆலை ஈட்டும் பணம் முதல் ஆண்டில் 75 லட்சம், பிறகு 90, 110, 125 லட்சம். ஐந்தாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரை 130 லட்சம்.

இந்த வரவுகளை 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தால் சுமார் 1.47 கோடி மிஞ்சுகிறது. இதுதான் நிகர தற்போதைய மதிப்பு, அதாவது என்பிவி. ஆடிட்டர் தயாரித்த புராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இந்த எண்தான் தடித்த எழுத்தில் இருக்கும்.

வங்கி அதிகாரி பார்ப்பது வேறு பக்கத்தை. ஆண்டுக்கு 60 லட்சம் அசல் என்றால், வட்டியும் சேர்த்து முதல் ஆண்டில் 90 லட்சம் கட்ட வேண்டும். வருவதோ 75 லட்சம். வரவைக் கட்ட வேண்டிய தொகையால் வகுத்தால் 0.83. டிஎஸ்சிஆர் எனப்படும் கடன் அடைப்புத் திறன் விகிதம் இதுதான். இரண்டாம் ஆண்டில் அது 1.07, ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய 2. ஐந்தாண்டுச் சராசரி 1.4 என்பது கேட்க நன்றாக இருக்கலாம். ஆனால் ஐந்தாம் ஆண்டின் உபரியைக் கொண்டு முதல் ஆண்டின் தவணையைக் கட்ட முடியாது. நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அதனால்தான் சராசரி 1.5 இருந்தாலும், எந்த ஓர் ஆண்டிலும் 1.2க்குக் கீழே போகக் கூடாது என்று வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. என்பிவியில் கடைசி மூன்று ஆண்டுகளின் பங்கு மட்டும் சுமார் 1.77 கோடி. அதை எடுத்துவிட்டால் என்பிவி எதிர்மறையாகிவிடும். திட்டத்தின் லாபம் முழுவதும் கடன் முடிந்த பிறகே வருகிறது. அந்த லாபத்தில் வங்கிக்குப் பங்கில்லை. அதற்கு முந்தைய ஆபத்தில் மட்டும் உண்டு.

அதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. கடனை ஏழு ஆண்டாக்கி, முதல் ஆண்டு வட்டி மட்டும், இரண்டாம் ஆண்டு 40 லட்சம் அசல், பிறகு 50 முதல் 55 லட்சம் என்று அமைத்தால் இரண்டாம் ஆண்டின் விகிதம் 1.29 ஆகிறது, மூன்றாம் ஆண்டில் 1.45. வட்டியால் வரியில் வரும் சிறு மாற்றத்தை விட்டுவிட்டால், என்பிவி அதே 1.47 கோடிதான். ஆலை மாறவில்லை, தவணைதான் மாறியது. முதல் ஆண்டில் அசல் இல்லாததால் விகிதம் 2.5 என்று ஏறி, சராசரியை அழகாக்கும். அனுபவமுள்ள அதிகாரி அந்த ஆண்டை ஒதுக்கிவிட்டே பார்ப்பார். விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்றும் கேட்பார்.

எனவே ஆண்டுவாரி விகிதத்தை நீங்களே போட்டுப் பார்த்து, தேவையான தவணை விடுப்பை விண்ணப்பத்திலேயே கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்டால் அது கடன் மறுசீரமைப்பாகிவிடும்; பெரும்பாலும் கணக்கின் தரமும் இறங்கிவிடும்.