மூளைக் குழப்பத்துக்கு மலமிளக்கி ஏன்?

கல்லீரல் சுருங்கிப்போன ஒருவர் பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிறார். பேச்சு குழறுகிறது. பேரனின் பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிடுகிறார். வீட்டார் பதறி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். தலைக்கு ஸ்கேன் எடுப்பார்கள், மூளைக்கு ஊசி போடுவார்கள் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. மருத்துவர் எழுதித் தருவதோ லாக்டுலோஸ் சிரப். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே தித்திப்பான சிரப்தான். “அவருக்குத் தினமும் வெளிக்குப் போகுதே டாக்டர், இது எதுக்கு?” என்று கேட்காத குடும்பம் குறைவு. நியாயமான கேள்விதான். குழப்பம் தெரிவது மூளையில் என்றாலும் அதற்குக் காரணமான நஞ்சில் பெரும்பங்கு குடலில்தான் உருவாகிறது.

அந்த நஞ்சு அம்மோனியா. சாப்பிட்ட புரதத்தின் மிச்சத்தையும், இரத்தத்திலிருந்து குடலுக்குள் கசியும் யூரியாவையும் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அது உண்டாகிறது. சிறுகுடலின் செல்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் உண்டாக்குகின்றன. இது எல்லோர் வயிற்றிலும் நாள்தோறும் நடப்பது. குடலிலிருந்து வரும் இரத்தம் உடல் முழுக்கப் பரவுமுன் ஒரு பெரிய நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அம்மோனியா யூரியாவாக மாற்றப்பட்டு, பிறகு சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. சிரோசிஸ் முற்றும்போது இரண்டு வகையில் சிக்கல் வருகிறது. இந்த வேலையைச் செய்யும் செல்கள் குறைந்துவிடுகின்றன. தழும்பேறி இறுகிய கல்லீரலுக்குள் நுழைய முடியாத இரத்தம் பக்கவாட்டு நாளங்களில் புகுந்து, சுத்தமாகாமலே பொது ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. மூளைக்குப் போய்ச் சேரும் அம்மோனியாவை அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்கள் குளுட்டமினாக மாற்றி அடக்கப் பார்க்கின்றன. அந்த முயற்சியிலேயே அவை நீர் கோத்து வீங்குகின்றன. தூக்கம் புரண்டுபோவதும் தடுமாற்றமும் இப்படித்தான் தொடங்குகின்றன.

இனி அந்தச் சர்க்கரையைப் பார்ப்போம். பாலில் இருக்கும் லாக்டோஸ் இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்தது: கேலக்டோஸும் குளுக்கோஸும். அதில் குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்றிவிட்டால் கிடைப்பது லாக்டுலோஸ். பாலை நன்றாகச் சூடாக்கும்போதே இது சிறிதளவு உண்டாகிவிடும். பால் எவ்வளவு சூடு கண்டது என்பதை அறிய ஆய்வுக்கூடங்களில் லாக்டுலோஸை அளந்து பார்ப்பது உண்டு. மாற்றம் சின்னதுதான், ஆனால் சிறுகுடலுக்கு அது போதும். ஒற்றைச் சர்க்கரையை மட்டுமே சிறுகுடல் உறிஞ்சும். இரட்டையாக வந்தால் முதலில் வெட்டியாக வேண்டும். பால் சர்க்கரையை வெட்டும் நொதி நம்மிடம் உண்டு, சீனியை வெட்டும் நொதியும் உண்டு. கேலக்டோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்த இந்த ஜோடியை வெட்ட மனிதக் குடலில் நொதியே இல்லை. குடித்ததில் 3 சதவீதத்துக்கு மேல் இரத்தத்தில் சேர்வதில்லை; சேர்வதும் மாறாமல் சிறுநீரில் போய்விடுகிறது. மீதி அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. உறிஞ்சப்பட்டிருந்தால் இது இன்னொரு சர்க்கரை, அவ்வளவுதான். உடம்புக்குள் சேராததால்தான் மருந்தாகிறது.

பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கோ இது நல்ல தீனி. அவை லாக்டுலோஸை உடைத்து லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. சாதாரணமாக 7-ஐ ஒட்டியிருக்கும் பெருங்குடலின் பி.எச். அளவு 5-ஐ நோக்கி இறங்குகிறது. எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று பொருள்.

அம்மோனியா சிக்குவது இந்த அமிலத்தில்தான். நீரில் அம்மோனியா இரண்டு உருவங்களில் இருக்கும். மின்னேற்றம் இல்லாத NH₃ குடல் சுவரை எளிதில் ஊடுருவி இரத்தத்துக்குப் போய்விடும். அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொண்டு NH₄⁺ என்ற அம்மோனியமாக மாறிவிட்டால் அதற்கு மின்னேற்றம் வந்துவிடுகிறது. சுவரைத் தாண்டுவது மிகக் கடினம். பி.எச். 7-இல் நூறு மூலக்கூறுகளில் ஏறக்குறைய ஒன்றுதான் சுதந்திரமான அம்மோனியாவாகத் திரியும். “தொண்ணூற்றொன்பது ஏற்கனவே மாட்டிக்கொண்டதே, இன்னும் என்ன பிடிக்க வேண்டியிருக்கிறது?” என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்று இரத்தத்துக்குள் நழுவியதும், சமநிலை காக்க அம்மோனியத்திலிருந்து இன்னொன்று அம்மோனியாவாக மாறுகிறது. அதுவும் நழுவும். அடியில் ஊசித்துளை விழுந்த குடம், துளை சிறியது என்பதற்காக நிறைந்தே இருப்பதில்லை. பி.எச். 6 ஆனால் ஆயிரத்தில் ஒன்று, 5 ஆனால் பத்தாயிரத்தில் ஒன்று என்று துளை சுருங்குகிறது. கசிவு நின்றுவிடுவதில்லை, மிக மெதுவாகிறது. அதற்குள் மலத்தோடு அம்மோனியம் வெளியேறிவிடுகிறது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரத்தத்தின் பி.எச். 7.4, அங்கே சுதந்திர அம்மோனியாவின் பங்கு அமிலக் குடலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே இரத்தத்திலிருந்தும் கொஞ்சம் அம்மோனியா குடலுக்குள் நுழைந்து, அம்மோனியமாகி, அங்கேயே சிக்கிக்கொள்கிறது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு கதையை முடித்துவிடுகின்றன. உண்மையில் வேலை இன்னும் இரண்டு வழிகளில் நடக்கிறது. சர்க்கரை கிடைத்த பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பெருகுவதற்கு வேண்டிய நைட்ரஜனுக்கு அம்மோனியாவையே எடுத்துக்கொள்கின்றன. மலத்தில் போகும் நைட்ரஜனில் ஒரு பகுதி இப்படிப் பாக்டீரியாக்களின் உடம்பாகவே போகிறது. தவிர, உறிஞ்சப்படாத சர்க்கரையும் அமிலங்களும் நீரை இழுத்து மலத்தை இளக்கி விரைவில் வெளித்தள்ளுகின்றன. அம்மோனியா உருவாக அவகாசம் குறைகிறது. மூன்றில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். மலமிளக்கி வேலை பக்கவிளைவு அன்று, சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை மட்டும் வீட்டார் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்தச் சர்க்கரையை இந்த நோய்க்குப் பயன்படுத்தியதை ஜோஹன்னஸ் பிர்ச்சரும் சகாக்களும் 1966-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் முதல் மருந்து இதுவே.

நடைமுறையில் எப்படி என்று பார்க்க, மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் வகை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 58, சிரோசிஸ். கல்யாணத்துக்காக வெளியூர் போன இடத்தில் “அடிக்கடி பாத்ரூம் தேட முடியாது” என்று நான்கு நாள் சிரப்பை நிறுத்திவிட்டார், மலம் கட்டிக்கொண்டது. திரும்பியபோது கிழமை தெரியவில்லை. இரு கைகளையும் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கி வைக்கச் சொல்கிறார் மருத்துவர். சில நொடிகளில் கை சட்டென்று தளர்ந்து விழுகிறது, மறுபடி நிமிர்கிறது. அம்மோனியாப் பரிசோதனை எண்ணைவிட இந்த அசைவு அதிகம் சொல்லும். இரத்த அம்மோனியா அளவு குழப்பத்தின் தீவிரத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. மலச்சிக்கல்தான் காரணம் என்று அதோடு விட்டுவிடவும் முடியாது. வயிற்று நீரில் தொற்று, உணவுக்குழாயில் இரத்தக்கசிவு, நீர்மாத்திரையால் உப்புச் சத்துக் குறைவு, தூக்க மாத்திரை என ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் 1–2 மணி நேரத்துக்கு ஒருமுறை 25–30 மி.லி., மலம் இருமுறை இளகிப் போகும்வரை. பிறகு அளவைக் குறைத்து, நாளுக்கு 2–3 முறை மெத்தென்று போகும்படி வைத்துக்கொள்கிறார்கள். நம் நோயாளிக்கு 30 மி.லி. மூன்று வேளை சரியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம், 15 மி.லி.-க்கு 10 கிராம் வீதம் நாளுக்கு 60 கிராம் லாக்டுலோஸ். இன்னொருவருக்குப் பாதி போதும். சீட்டில் எழுதியிருக்கும் மி.லி. ஒரு தொடக்கம்தான், மலத்தின் கணக்கே அளவுகோல். விழுங்க முடியாத அளவு மயங்கியவருக்கு வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அவருக்கு மூக்கு வழிக் குழாயில் தருவார்கள்; அல்லது 300 மி.லி. லாக்டுலோஸை 700 மி.லி. நீரில் கலந்து எனிமா கொடுத்து, 30 முதல் 60 நிமிடம் உள்ளே நிறுத்துவார்கள்.

நான் அதிகம் அஞ்சுவது நிறுத்திவிடுகிறவர்களைவிட, ஆர்வத்தில் கூட்டிவிடுகிறவர்களைப் பற்றித்தான். மருந்து கூடினால் பாக்டீரியாக்கள் உடைத்து முடிக்க முடியாமல் சர்க்கரை மிஞ்சுகிறது. அது நீரை இழுத்துக்கொண்டு வயிற்றுப்போக்காகக் கொட்டுகிறது. உடல் வறள்கிறது, பொட்டாசியம் இறங்குகிறது. பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே அதிக அம்மோனியாவை உண்டாக்கத் தொடங்கும். குழப்பம் மறுபடி வரும். “மருந்து போதவில்லை” என்று வீட்டார் இன்னொரு மூடி ஊற்றுவார்கள். நாளுக்கு நான்கைந்து முறைக்கு மேல் தண்ணீராகப் போவது, நாக்கு வறள்வது, சிறுநீர் குறைவது ஆகிய மூன்றும் அளவு மீறிவிட்டதன் அடையாளங்கள். வயிறு உப்புவதும் வாயு பிரிவதும் வேறு. பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன என்பதன் சங்கடமான விலை அது.

தொடர்ந்து குடித்தால் பலன் உண்டா? டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனை மருத்துவர்கள், ஒருமுறை குழப்பம் வந்து தேறியவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்து, முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். லாக்டுலோஸ் எடுக்காதவர்களில் நூற்றுக்கு 47 பேருக்குக் குழப்பம் திரும்பியது. எடுத்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு. பாதிக்கும் கீழே என்றாலும் பூஜ்யம் அல்ல. சிறுகுடல் செல்கள் தாமே உண்டாக்கும் அம்மோனியா பெருங்குடல் அமிலத்தில் நேரடியாக மாட்டுவதில்லை. அப்படியும் குழப்பம் திரும்புகிறவர்களுக்கு ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைச் சேர்க்கிறார்கள். இவை எதுவும் கல்லீரலைச் சரிசெய்வதில்லை.

சர்க்கரை நோயாளிகள் தித்திப்பைக் கண்டு தாமாக நிறுத்த வேண்டாம். லாக்டுலோஸ் இரத்தத்தில் சேராவிட்டாலும் சிரப்பில் கேலக்டோஸும் லாக்டோஸும் சிறிதளவு கலந்திருக்கும். அதை மருத்துவரிடம் சொன்னால் அவர் இரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொள்வார். அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறது என்று கேட்டு பருப்பையும் முட்டையையும் நிறுத்துவதும் வேண்டாம். தசையும் அம்மோனியாவை அடக்கும் உறுப்பு, அது கரைந்தால் நிலைமை மோசமாகும். தினமும் காலையில் அவரைத் தன் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் முந்தைய நாள் எத்தனை முறை மலம் போனார் என்று குறித்து வையுங்கள். கையெழுத்து கோணினாலும், மலம் ஒருநாள் போகாவிட்டாலும், தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.