நொடிக்கு 10 கோடித் துடிப்பு, வேண்டியது ஒன்றே ஒன்று

பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பயன்படும் பேசிஸ் 3 என்ற பயிற்சிப் பலகையில் ஆர்ட்டிக்ஸ்-7 வகை எஃப்.பி.ஜி.ஏ. சில்லு ஒன்று இருக்கிறது. என்ன வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கப்படாமலே ஆலையிலிருந்து வரும் சில்லு அது. மாணவர் எழுதும் நிரலுக்கு ஏற்ப அதன் உள் இணைப்புகள் அமைந்து, அது கடிகாரமாகவோ கால்குலேட்டராகவோ உருவெடுக்கும். அந்தச் சில்லை இயக்குவது பலகையில் உள்ள 100 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர். நொடிக்கு 10 கோடித் துடிப்பு; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 நானோநொடி.

இதில் ஒரு நொடிக்கடிகாரம் செய்ய வேண்டும். 00 முதல் 59 வரை எண்ணி, எண்களை அங்கேயே உள்ள ஏழு துண்டு டிஸ்பிளேயில் காட்ட வேண்டும். 10 கோடித் துடிப்பில் நொடிக்கு ஒன்றை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் க்ளாக்கை வகுக்கவே முனைகிறார். துடிப்புகளை எண்ணி, அரை நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பை மேலும் கீழுமாக மாற்றுகிறார். அதன் வெளியீட்டுக்கு `slow_clk` என்று பெயர் வைத்து, நொடி எண்ணியை `always @(posedge slow_clk)` என்று எழுதிவிடுகிறார். பலகையில் ஏற்றினால் எண்கள் ஓடவும் செய்யும். சிக்கல் உள்ளே இருக்கிறது.

ஃபிளிப்-ஃப்ளாப் என்பது ஒரே ஒரு பிட்டை நினைவில் வைத்திருக்கும் உறுப்பு. க்ளாக் ஏறும் கணத்தில் தன் வாசலில் நிற்கும் மதிப்பை அது பிடித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஃபிளிப்-ஃப்ளாப்கள் ஒத்துழைக்க வேண்டுமானால் அந்த ஏற்றம் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே சில்லுக்குள் க்ளாக்குக்கென்று தனித் தடங்கள் அமைத்திருக்கிறார்கள். ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பின் வெளியீடு பிறப்பது அந்தத் தடத்தில் அல்ல, சாதாரணக் கம்பியில். அதையே க்ளாக்காகப் பயன்படுத்தினால் ஒருவரிடம் முன்பும் இன்னொருவரிடம் பின்பும் போய்ச் சேரும். முதலாமவர் புதிய மதிப்புக்கு மாறிவிட்ட பிறகு இரண்டாமவருக்குத் துடிப்பு வந்தால், அவர் பழைய மதிப்புக்குப் பதிலாகப் புதியதைப் பிடித்துவிடுவார். எண்ணிக்கை தப்பும். இதைப் பொறியாளர்கள் ஹோல்டு பிழை என்கிறார்கள். க்ளாக்கை எவ்வளவு மெதுவாக்கினாலும் இந்தப் பிழை தீராது. ஏனென்றால் இது இரு துடிப்புகளுக்கு இடையே உள்ள அவகாசத்தைப் பற்றியதல்ல. ஒரே துடிப்பு இரு இடங்களை அடையும் நேர வித்தியாசத்தைப் பற்றியது.

சில்லுக்கான விவாடோ மென்பொருள் சில சமயம் இப்படிப்பட்ட சிக்னலைத் தானே தனித் தடத்தில் ஏற்றிக்கொடுக்கும். அப்போதும் `slow_clk` எப்போது துடிக்கும் என்பதை வடிவமைப்பாளர் தனியாக எழுதிச் சொல்லாவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது. அதில் ஓடும் பகுதிகளை அது சோதிக்காமலே விட்டுவிடும். அறிக்கையில் `All user specified timing constraints are met.` என்ற வரி வந்திருக்கும், மாணவரும் நிம்மதியாகிவிடுவார். உண்மை நிலையை அறிய `check_timing` பகுதியில் `no_clock` என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே சுழியம் இல்லாமல் வேறு எண் இருந்தால், அத்தனை இடங்கள் சோதனைக்கு வெளியே நிற்கின்றன.

இதற்கு மாற்று, இரண்டாவது க்ளாக்கையே உருவாக்காமல் இருப்பது. கச்சேரியில் எல்லோரும் ஒரே தாளத்தை எண்ணிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் சமத்தில் சேர்ந்துகொள்வதைப் போல, எல்லா ஃபிளிப்-ஃப்ளாப்களும் 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கும். நொடி எண்ணிக்கு மட்டும் ‘இந்தத் துடிப்பில் மாறலாம்’ என்ற அனுமதி நொடிக்கு ஒருமுறை கிடைக்கும். ஆர்ட்டிக்ஸ்-7-இன் ஃபிளிப்-ஃப்ளாப்களில் இந்த அனுமதிக்கென்றே எனேபிள் என்ற நுழைவாயில் இருக்கிறது. அதில் 0 இருந்தால் க்ளாக் துடித்தாலும் பழைய மதிப்பு அப்படியே இருக்கும்.

```verilog
reg [26:0] cnt = 0;
reg        tick = 0;
reg [5:0]  sec = 0;

always @(posedge clk) begin
  tick <= (cnt == 99_999_999);
  cnt  <= (cnt == 99_999_999) ? 0 : cnt + 1;
  if (tick)
    sec <= (sec == 59) ? 0 : sec + 1;
end
```

`cnt` 27 பிட் கொண்டது. 26 பிட்டில் 6,71,08,863 வரைதான் எண்ண முடியும் என்பதால் இன்னொரு பிட் தேவைப்படுகிறது. சுழியத்திலிருந்து தொடங்குவதால் 9,99,99,999-இல் நிறுத்தினால்தான் சரியாக 10 கோடி. 10 கோடி என்றே எழுதிவிட்டால் ஒவ்வொரு நொடியும் 10 நானோநொடி நீளும். `tick` ஒரே ஒரு துடிப்பு நேரம், அதாவது 10 நானோநொடி மட்டும் உயர்ந்து உடனே இறங்கிவிடும். அடுத்த க்ளாக் ஏற்றத்தில் அதைப் பார்த்து `sec` ஒன்று கூடும்.

அந்த 10 நானோநொடி அகலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. க்ளாக்கை வகுத்துப் பழகியவர், எண்ணியின் மேல் பிட்டான `cnt[26]`-ஐயே எனேபிளாகக் கொடுத்துவிடுவது உண்டு. அந்தப் பிட் எண்ணிக்கை 6,71,08,864-ஐத் தொட்டதும் உயர்ந்து, சுழற்சி முடியும்வரை உயர்ந்தே நிற்கும். அதற்குள் 3,28,91,136 துடிப்புகள் போய்விடும். அத்தனை முறையும் `sec` கூடும். டிஸ்பிளேயில் நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரம் கண்ணுக்குப் பிடிபடாத ஓட்டம். ஒற்றை இலக்கம் கலங்கி 8 போலத் தெரியும். பிறகு மீதி நேரம் ஒரு எண் அசையாமல் நிற்கும். 3,28,91,136-ஐ 60-ஆல் வகுத்தால் மீதி 36. எனவே 00-இல் தொடங்கினால் நிற்கும் எண்கள் 36, 12, 48, 24, 00 என்று ஐந்தாகவே திரும்பத் திரும்ப வரும். இந்த வரிசையைப் பார்த்த மாத்திரத்திலேயே எனேபிள் ஒரு துடிப்புக்கு மேல் நீள்கிறது என்று சொல்லிவிடலாம்.

நிமிடத்தைச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். `sec == 59` என்பதை மட்டும் நிமிட எண்ணியின் எனேபிளாக வைத்தால், அது ஒரு முழு நொடி உயர்ந்து நிற்கும். `tick && sec == 59` என்று எழுதினால்தான் நிமிடம் ஒரு முறை நகரும். சிமுலேஷனில் பார்க்க 10 கோடித் துடிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. 99_999_999-க்குப் பதில் 9 என்று வைத்து அலைவடிவத்தைப் பார்த்தால், பத்துத் துடிப்புக்கு ஒருமுறை `tick` ஒரே துடிப்பு அகலத்தில் எழுகிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்த முறைக்கும் விலை உண்டு. நொடிக்கு ஒருமுறை மாறும் பகுதிக்கும் க்ளாக் 10 கோடி முறை போய்ச் சேர்வதால் அதற்கான மின்சாரம் செலவாகும். தவிர, எனேபிளோடு ஓடும் கணக்குகளும் 10 நானோநொடிக்குள் முடிய வேண்டும் என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நீண்ட பெருக்கல் ஏதேனும் அதில் அடங்காமல் போனால், இரண்டு எனேபிள்களுக்கு இடையே உண்மையில் எத்தனை துடிப்பு இருக்கிறது என்பதை `set_multicycle_path` கட்டளையால் தெரிவிக்கலாம். திரைக்கான பிக்சல் க்ளாக்கைப் போல வேறொரு வேகம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. அங்கே சில்லிலேயே இதற்கென்று இருக்கும் எம்.எம்.சி.எம். பகுதி புதிய க்ளாக்கை உருவாக்கித் தனித் தடத்தில் அனுப்பும். அதன் வேகம் என்னவென்பது மென்பொருளுக்கும் தானாகத் தெரிந்துவிடும்.