தொண்டை தருவது ரீங்காரம்தான்

கச்சேரி மேடையில் மோர்சிங் வாசிப்பவரின் கையில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் இரும்பு வளையம். அதன் நடுவே மெல்லிய எஃகு நாக்கு ஒன்று நீண்டிருக்கும. வளையத்தை முன்பற்களில் சார்த்திப் பிடித்து, அந்த நாக்கை விரலால் சுண்டுகிறார். எத்தனை முறை சுண்டினாலும் அது ஒரே சுருதியில்தான் அதிரும். சுருதியைச் சற்று இறக்க வேண்டுமானால் நுனியில் மெழுகு ஒட்டியாக வேண்டும். ஆனாலும் கேட்பவர் காதில் ஒருமுறை ‘தொய்ங்’, அடுத்த முறை ‘தீங்’ என்று விழுகிறது. அந்த மாற்றத்தைச் செய்வது இரும்பு அல்ல, வாசிப்பவரின் வாய்.

மனிதப் பேச்சும் இதே ஏற்பாடுதான். எஃகு நாக்குக்குப் பதில் தொண்டையில் இரண்டு குரல்நாண்கள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை நொடிக்கு நூறு, இருநூறு முறை திறந்து மூட வைக்கிறது. அங்கே பிறக்கும் ஒலியை அப்படியே கேட்க முடிந்தால், அதில் ‘ஆ’வும் இருக்காது, ‘ஈ’யும் இருக்காது. வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் இரைச்சல், அவ்வளவே. இது மூலம். அதற்கு மேலே தொண்டையிலிருந்து உதடு வரை நீளும் காற்றுக்குழாய் வடிப்பான். பேச்சை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதைத்தான் ஒலியியலில் ‘சோர்ஸ்–ஃபில்டர்’ மாதிரி என்கிறார்கள். ஜப்பானில் சிபா, கஜியாமா இருவரும் 1941-இல் உயிரொலிகளைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு அடித்தளம் இட்டார்கள். ஸ்வீடனின் குன்னார் ஃபான்ட் 1960-இல் வெளியிட்ட நூல் அதை முழுக் கோட்பாடாக்கியது.

ஃபில்டர் என்றதும் நினைவுக்கு வரும் காபி ஃபில்டர் இங்கே பாதிதான் பொருந்தும். அது சக்கையை நிறுத்திவிட்டு டிகாக்‌ஷனை மட்டும் விடும். வாய் எதையும் அடியோடு நிறுத்துவதில்லை. சிலவற்றைத் தூக்கிவிட்டு, மற்றவற்றை அமுக்குகிறது.

எதைத் தூக்குகிறது? ஓர் ஆண் நொடிக்கு 100 அதிர்வில் பேசுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ரீங்காரத்துக்குள் 100 ஹெர்ட்ஸ் மட்டுமல்ல, 200, 300, 400 என்று அதன் மடங்குகள் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். மேலே போகப் போக வலு குறையும். வாய்க்குள் இருக்கும் காற்றுக்கோ, ஊதினால் முனகும் காலி பாட்டில் போல, தனக்கென்று பிடித்தமான சில அதிர்வெண்கள் உண்டு. நாக்கை இறக்கி வாயை அகலத் திறந்தால் அவை ஏறத்தாழ 700, 1100. அந்த இடங்களில் விழும் 7-ஆம், 11-ஆம் மடங்குகள் ஓங்கி ஒலிக்கும். காது அதை ‘ஆ’ என்கிறது. நாக்கின் முன்பகுதியை மேலண்ணத்தை நோக்கி உயர்த்தினால் பிடித்தமான இடங்கள் 300-க்கும் 2300-க்கும் இடம்பெயர்கின்றன. அதே ரீங்காரம் இப்போது ‘ஈ’.

அவரே குரலை உயர்த்தி 200-இல் ‘ஆ’ சொன்னால் மடங்குகள் 200, 400, 600, 800 என்று விலகி நிற்கும். 700-இல் எதுவும் சரியாக விழாது. ஆனால் அதன் இருபுறமும் உள்ள 600-உம் 800-உம் எழும்பும். உச்சிமேடு அங்கேதான் இருக்கிறது என்று காது கண்டுகொள்ளும். சுருதி மாறியும் எழுத்து மாறாததன் ரகசியம் இது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தொண்டையில் விரலை வைத்து ‘ஆ, ஈ, ஊ’ என்று சத்தமாகச் சொன்னால் அதிர்வு தெரியும். அதையே கிசுகிசுத்தால் அதிர்வு நின்றுவிடும். எழுத்துகள் மட்டும் தெளிவாக இருக்கும். குரல்நாண்களின் வேலையை இங்கே காற்றின் சீறல் செய்கிறது. வடிப்பான் பழையதே. புற்றுநோயால் குரல்வளையை இழந்தவர்கள் கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவியும் இப்படித்தான். ரீங்காரம் கருவியுடையது, உச்சரிப்பு அவர்களுடைய வாயுடையது. பழைய கருவிகள் ஒரே சுருதியில் அதிர்வதால்தான் பேச்சு ஏற்ற இறக்கமில்லாமல் எந்திரம் போல ஒலிக்கும்.

ஹீலியத்தை உள்ளிழுத்தவர் கீச்சுக்குரலில் பேசும்போது குரல்நாண்கள் வேகமாக அதிர்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை ஏறக்குறைய பழைய வேகத்திலேயே அதிர்கின்றன. ஹீலியத்தில் ஒலி வேகமாகப் பாய்வதால் வாயின் பிடித்தமான அதிர்வெண்கள் மேலே ஏறிவிடுகின்றன. மாறியது வடிப்பான்தான். (மூச்சுத் திணறி உயிரே போகலாம் என்பதால், இது செய்து பார்க்கும் சோதனை அல்ல.)

இந்த ஏற்பாடு கைவிடும் இடமும் உண்டு. மேற்கத்திய ஆபராவில் ஒரு பாடகி 800 ஹெர்ட்ஸில் நீட்டிப் பாடுகிறார் என்றால், அவருடைய மடங்குகள் 800, 1600, 2400. ‘ஈ’க்கு வேண்டிய 300-இன் பக்கத்தில் ஒலியே கிடையாது. இல்லாததை எந்த வடிப்பான் தூக்கிவிடும்? அதனால்தான் உச்சஸ்தாயியில் அவர் பாடுவது ‘ஈ’யா, ‘ஆ’வா என்று தேர்ந்த ரசிகருக்கும் பிடிபடுவதில்லை.